மஞ்சள் பாக்கெட் எப்போது முந்தும்?

ஒரு ஊரில் 1,000 வீடுகள். அங்கே மளிகைக்கடையில் கிடைப்பது மூன்றே டீத்தூள். பாக்கெட்டின் நிறத்தை வைத்தே அவற்றைச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று அழைப்போம். நிஜக் கம்பெனிப் பெயரைப் போட்டால் கீழே வரும் எண்களும் நிஜம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள்.

ஜூன் மாதம் 500 வீடுகள் சிவப்பு வாங்கின, 300 வீடுகள் நீலம், 200 வீடுகள் மஞ்சள். ஜூலையில் அதே 1,000 வீடுகளில் சிவப்பு 468, நீலம் 272, மஞ்சள் 260. சிவப்பு பாக்கெட் விற்கும் கம்பெனியின் மேலாளர் இதைப் பார்த்து, "32 வீடுகள்தானே போயிருக்கின்றன, பண்டிகைக்கு ஒரு தள்ளுபடி போட்டால் திரும்பிவிடும்" என்று சொல்லக்கூடும். விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு வேறு எதுவும் தெரியாது.

உண்மையில் சிவப்பை விட்டுப் போனவை 32 வீடுகள் அல்ல, 100 வீடுகள். வேறு இடத்திலிருந்து 68 வீடுகள் வந்து சேர்ந்ததால் இழப்பு 32 ஆகத் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க கடைக் கணக்கு உதவாது. ஒரே வீடு ஜூனில் எதை வாங்கியது, ஜூலையில் எதை வாங்கியது என்று வீடு வீடாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தை ஆய்வு நிறுவனங்கள் இதற்காகவே சில குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவை வாங்குவதை எல்லாம் தொடர்ந்து பதிவு செய்யவைக்கின்றன. பார்கோடு வருவதற்கு முன் இது நோட்டில் எழுதும் வேலை. 1950களில் அமெரிக்காவில் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழ் நடத்திய நுகர்வோர் குழுவின் பதிவுகளை வைத்துத்தான் பிராண்டு விசுவாசம் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் சில எழுதப்பட்டன.

நம் ஊரில் அப்படி ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சுருக்கினால் இப்படி ஒரு அட்டவணை கிடைக்கும். இடப்பக்கம் ஜூனில் வாங்கியது, மேலே ஜூலையில் வாங்கியது.

| ஜூனில் | ஜூலையில் சிவப்பு | ஜூலையில் நீலம் | ஜூலையில் மஞ்சள் |
|---|---|---|---|
| சிவப்பு | 80% | 10% | 10% |
| நீலம் | 20% | 70% | 10% |
| மஞ்சள் | 4% | 6% | 90% |

இதுதான் மாறுதல் அட்டவணை. ஒவ்வொரு வரியும் 100 ஆகக் கூட வேண்டும், ஏனென்றால் ஜூனில் சிவப்பு வாங்கிய வீடு ஜூலையில் மூன்றில் ஏதோ ஒன்றை வாங்கியே ஆகும். மேலிருந்து கீழாகக் கூட்டினால் 100 வராது, வரவும் தேவையில்லை. பரீட்சையில் பலர் மதிப்பெண் இழப்பது வரியையும் நிரலையும் மாற்றி வைத்துத்தான். பிளஸ் டூ வணிகக் கணிதப் பாடத்திலேயே இரண்டு பொருள்களுக்கு இந்தக் கணக்கு இருக்கிறது. இங்கே மூன்று பொருள், அவ்வளவே வித்தியாசம்.

ஆகஸ்டில் என்ன நடக்கும்? இதே பழக்கம் தொடர்ந்தால், ஜூலையின் 468 சிவப்பு வீடுகளில் 80 சதவீதம், அதாவது சுமார் 374, சிவப்பிலேயே இருக்கும். நீலத்தின் 272 வீடுகளில் 20 சதவீதம், சுமார் 54, சிவப்புக்கு வரும். மஞ்சளின் 260 வீடுகளில் 4 சதவீதம், சுமார் 10, வரும். கூட்டினால் சிவப்புக்கு 439 வீடுகள். இதே மாதிரி நீலத்துக்கு 253, மஞ்சளுக்கு 308. ஆகஸ்டின் எண்களை எடுத்து மறுபடி அதே அட்டவணையில் போட்டால் செப்டம்பர். காகிதத்தில் செய்ய அலுப்பாக இருந்தால் விரிதாளில் A1 முதல் C1 வரை ஜூனின் மூன்று பங்குகளையும், E1 முதல் G3 வரை அட்டவணையையும் எழுதி, A2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்.

```
=MMULT(A1:C1,$E$1:$G$3)
```

அக்டோபரில் சிவப்பு 39.3 சதவீதம், மஞ்சள் 37.7. நவம்பரில் சிவப்பு 37.6, மஞ்சள் 40.2. மஞ்சள் முந்திவிட்டது. அடுத்த ஜூனில் மஞ்சள் ஏறக்குறைய 48, சிவப்பு 32, நீலம் 20. அதற்குப் பிறகு எண்கள் அசைவது குறைந்துகொண்டே போய், மஞ்சள் 50, சிவப்பு 30, நீலம் 20 என்ற இடத்தில் நின்றுவிடும். எத்தனை வருடம் இழுத்தாலும் அதற்கு மேல் நகராது. இதையே நீண்டகாலச் சந்தைப் பங்கு என்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம். ஜூனில் சிவப்புக்கு 500 வீடுகள் இருந்தது இந்த முடிவுக்கு ஒரு பொருட்டே இல்லை. 1,000 வீடுகளும் சிவப்பையே வாங்கின என்று தொடங்கினாலும், ஒரு வீடுகூட வாங்கவில்லை என்று தொடங்கினாலும், போய் நிற்பது அதே 30, 20, 50-ல்தான். போய்ச்சேர ஆகும் காலம்தான் மாறும். இன்றைய பங்கு என்பது கடந்த காலத்தில் சேர்த்த சொத்து. அந்தச் சொத்து எவ்வளவு என்பதை மாறுதல் அட்டவணை கேட்பதே இல்லை. எவ்வளவு வேகமாகக் கரைகிறது, எங்கிருந்து நிரம்புகிறது என்று மட்டும் பார்க்கிறது.

நிற்கும் இடம் ஏன் நிற்கிறது என்பதை அணிக்கணிதம் தெரியாமலே புரிந்துகொள்ளலாம். ஒரு தொட்டியில் உள்ளே விழும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் சமமானால் மட்டம் அசையாது. சிவப்பிடம் 300 வீடுகள் இருக்கும்போது மாதம் 20 சதவீதம், அதாவது 60 வீடுகள் வெளியேறுகின்றன. நீலத்தின் 200-ல் 20 சதவீதம் என 40 வீடுகளும், மஞ்சளின் 500-ல் 4 சதவீதம் என 20 வீடுகளும் உள்ளே வருகின்றன. மொத்தம் 60. நீலத்தில் 60 போகிறது, 60 வருகிறது. மஞ்சளில் 50 போகிறது, 50 வருகிறது. மாதாமாதம் 170 வீடுகள் பாக்கெட்டை மாற்றிக்கொண்டேதான் இருக்கின்றன, மொத்த எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. பங்கு மாறவில்லை என்பதால் வாடிக்கையாளர் மாறவில்லை என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

மஞ்சளுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. சிவப்பானாலும் நீலமானாலும் மஞ்சளுக்குப் போவது 10 சதவீதம். மஞ்சளை விட்டுப் போவதும் 10 சதவீதம். வருவிகிதத்தை, வருவிகிதமும் போகும் விகிதமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் நீண்டகாலப் பங்கு கிடைக்கும். 10-ஐ 20-ஆல் வகுத்தால் பாதி. சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருக்கும் பொடிசு, தன்னிடம் வந்தவர்களை இறுகப் பிடித்துக்கொள்வதாலேயே பாதிச் சந்தையை விழுங்குகிறது.

இந்தக் குறுக்குவழிக்கு டீத்தூளைவிடப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ் 1906-ல் இந்த வகைத் தொடர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். அடுத்து வருவது இப்போது இருப்பதை மட்டும் பொறுத்தது, அதற்கு முன் நடந்ததைப் பொறுத்ததல்ல என்பது அவற்றின் அடிப்படை. 1913-ல் அவர் புஷ்கினின் 'யூஜின் ஒனேகின்' கவிதை நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தா மெய்யெழுத்தா என்று கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்கு அடுத்து உயிர் வந்தது 12.8 சதவீதம் மட்டும், மெய்க்கு அடுத்து உயிர் வந்தது 66.3 சதவீதம். அப்படியானால் உயிருக்குள் வருவிகிதம் 66.3, உயிரை விட்டுப் போகும் விகிதம் 87.2. 66.3-ஐ இரண்டின் தொகையான 153.5-ஆல் வகுத்தால் 43.2 சதவீதம். 20,000-ல் 8,638 என்பதும் 43.2 சதவீதமே. இதில் மந்திரம் இல்லை. ஒரே நீண்ட வரிசையில் உயிருக்குள் நுழையும் தடவைகளும் வெளியேறும் தடவைகளும் ஒன்றுக்கு மேல் வேறுபட முடியாது. புஷ்கினின் எழுத்துகள் ஏற்கெனவே சமநிலையில் இருந்தன. டீத்தூள் சந்தை அப்படி இல்லாதபோதுதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது, ஆபத்தாகவும் ஆகிறது.

முதலில் சுவாரஸ்யம். சிவப்பின் மேலாளருக்கு இப்போது பயம் வந்துவிட்டது. கையில் இருக்கும் விளம்பரப் பணத்தை எங்கே போடுவது? ஒரு வழி, நீலம் வாங்குகிறவர்களை இழுப்பது. இப்போது 20 சதவீதம் வருகிறார்கள், அதை 25 ஆக்கலாம். இன்னொரு வழி, தன்னிடமிருந்து மஞ்சளுக்குப் போகிறவர்களைத் தடுப்பது. இப்போது 10 சதவீதம் போகிறார்கள், அதை 5 ஆக்கலாம். இரண்டுமே ஐந்து புள்ளி மாற்றம்தான். அட்டவணையில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தால் முதல் வழியில் சிவப்பின் நீண்டகாலப் பங்கு 30-லிருந்து 32.2 ஆகிறது. இரண்டாவது வழியில் 38.7 ஆகிறது, மஞ்சள் 40.3-க்கு இறங்குகிறது.

ஏன் இத்தனை வித்தியாசம்? மஞ்சளுக்குள் போன வீடு சுலபத்தில் வெளியே வராது. மாதம் 10 சதவீதம்தான் கிளம்புகிறது என்றால், போன வீடு சராசரியாகப் பத்து மாதம் அங்கேயே இருக்கிறது. நீலத்துக்குப் போன வீடு சராசரியாக மூன்று மாதம் சொச்சத்தில் கிளம்பிவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் சிவப்புக்கே. ஆக நீலத்திடம் இழப்பது கைமாற்று, மஞ்சளிடம் இழப்பது ஏறக்குறைய விற்பனைப் பத்திரம். நீலத்திலிருந்து வாரி இழுத்த வீடுகளையும் சிவப்பு ஓட்டை வழியாக மஞ்சளுக்கே அனுப்பிவைக்கிறது. என் பார்வையில் மாறுதல் அட்டவணையின் நிஜமான பயன் இதுதான்: எந்த ஓட்டையை அடைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று ஒப்பிடுவது. 50 சதவீதம் என்ற இறுதி எண்ணை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். காரணங்களைச் சொல்கிறேன்.

மஞ்சளின் வரி 200 வீடுகளை வைத்து எழுதப்பட்டது. அதில் வெளியேறியவை 20 வீடுகள். வேறு 200 வீடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது 14 ஆகவோ 26 ஆகவோ இருந்திருக்கலாம். இந்த அளவு மாதிரியில் 10 சதவீதம் என்பதைத் தற்செயல் மட்டுமே 6-லிருந்து 14 வரை ஆட்டிவிடும். போகும் விகிதம் 6 சதவீதமானால் மஞ்சளின் நீண்டகாலப் பங்கு 10-ஐ 16-ஆல் வகுத்து 62.5 சதவீதம். 14 ஆனால் 10-ஐ 24-ஆல் வகுத்து 41.7. சந்தைப் பங்கில் 20 புள்ளி வித்தியாசம், காரணம் ஒரு எட்டு வீடு இப்படியோ அப்படியோ போனது. நன்றாகப் பிடித்துக்கொள்ளும் பிராண்டின் வரியில்தான் மாறும் வீடுகள் குறைவு. முடிவை அதிகம் தீர்மானிப்பதும் அந்த வரிதான். ஆகவே பெரிய பங்கு கிடைக்கும் என்று அட்டவணை சொல்லும் இடத்தில்தான் அது அதிகம் தள்ளாடுகிறது.

அடுத்தது, கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது. எவரும் செய்ய மறக்கும் எளிய சோதனை இது. இதே அட்டவணை ஜூனுக்கு முன்பும் நடைமுறையில் இருந்திருந்தால், ஜூனில் மஞ்சளுக்கு 20 சதவீதம் வர மே மாதம் 12.5 இருந்திருக்க வேண்டும். ஏப்ரலில் 3.1. மார்ச்சில் கழித்தல் 8.6! கழித்தல் 86 வீடுகள் டீத்தூள் வாங்க முடியாது. ஆக மார்ச்சிலேயே இந்த அட்டவணை இருந்திருக்க வாய்ப்பில்லை. மஞ்சள் புதிதாக வந்த சரக்காக இருக்கலாம், விலை குறைத்திருக்கலாம், டம்ளர் இலவசம் கொடுத்திருக்கலாம். எதுவானாலும் மூன்று மாதம் பின்னே தாங்காத அட்டவணையை 12 மாதம் முன்னே ஓட்டுவதற்கு நல்ல காரணம் வேண்டும். பிரிட்டனில் பணியாற்றிய சந்தை ஆய்வறிஞர் ஆண்ட்ரூ எரென்பெர்க் 1965-ல் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். மாறுதல் விகிதங்கள் மாறாமல் நிற்கும் என்ற அனுமானமே அவருடைய முக்கியக் குறி.

மூன்றாவது சங்கடம் ஆழமானது. 80 சதவீதம் சிவப்பிலேயே இருந்தார்கள் என்றால், ஒவ்வொரு சிவப்பு வீடும் 80 சதவீதம் உறுதியோடு இருக்கிறது என்று அட்டவணை எடுத்துக்கொள்கிறது. நிஜ வீடுகள் அப்படி இல்லை. ஒரு வீட்டில் மாமியார் காலத்திலிருந்து ஒரே டீத்தூள்தான். கடையில் அது இல்லையென்றால் பிள்ளையை அடுத்த தெருவுக்கு அனுப்புவார்கள். பக்கத்து வீட்டில் எது ஐந்து ரூபாய் குறைவோ அது. சிவப்பின் 500 வீடுகளில் 300 வீடுகள் எப்போதும் மாறாதவை, மீதி 200-ல் மாதாமாதம் பாதி மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் சிவப்பில் எஞ்சுவது 300-ம் 100-ம் சேர்த்து 400. அட்டவணையில் அதே 80 சதவீதம்! ஜூலை வரை இரண்டு கதைக்கும் வித்தியாசமே தெரியாது.

ஆகஸ்டில் தெரிந்துவிடும். அட்டவணைப்படி, ஜூனில் சிவப்பு வாங்கிய 500 வீடுகளில் ஆகஸ்டில் சிவப்பு வாங்குவது 332 வீடுகளாக இருக்க வேண்டும். நேராக நின்றவை 320, நீலத்துக்குப் போய்த் திரும்பியவை 10, மஞ்சளுக்குப் போய்த் திரும்பியவை 2. ஆனால் மாறாத 300 வீடுகள் உண்மையானால், ஆகஸ்டில் அவற்றோடு மாறும் வீடுகளில் ஒரு 50-உம் நேராக நிற்கும். போய்த் திரும்பியவற்றைச் சேர்க்காமலே 350. அட்டவணை எதிர்பார்ப்பதைவிட அதிக வீடுகள் பழைய இடத்தில் காணப்பட்டால், மாறுகிறவர்களும் மாறாதவர்களும் ஒரே வரியில் கலந்து கிடக்கிறார்கள் என்று பொருள். 1955-ல் ப்ளூமென், கோகன், மெக்கார்த்தி என்ற மூவர் அமெரிக்கத் தொழிலாளர்கள் ஒரு தொழில்துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை ஆராய்ந்தபோது இதே சிக்கலில்தான் முட்டிக்கொண்டார்கள். காலம் நீள நீள, கணக்கு சொன்னதைவிட அதிகம் பேர் பழைய துறையிலேயே இருந்தார்கள். நகர்பவர், நிற்பவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரித்து அவர்கள் கணக்கைத் திருத்தினார்கள். டீத்தூளுக்கும் அதையே செய்யலாம், ஆனால் அதற்கு இரண்டு மாதப் பதிவு போதாது.

எரென்பெர்க் இன்னும் ஒரு படி போனவர். பெரும்பாலான வீடுகள் ஒன்றுக்கு விசுவாசமாக இருப்பதும் இல்லை, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு ஓடுவதும் இல்லை, இரண்டு மூன்று பிராண்டுகளைக் கணக்கில் வைத்து மாற்றி மாற்றி வாங்குகின்றன என்பது அவர் கட்சி. ஜூனில் சிவப்பு, ஜூலையில் மஞ்சள், ஆகஸ்டில் சிவப்பு என்று வாங்கும் வீட்டை அட்டவணை இழப்பு, பிறகு வெற்றி என்று எழுதும். அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் எதுவும் நடக்கவில்லை என்பார்.

சில்லறைக் குறைகளும் உண்டு. இந்தக் கணக்கு வீடுகளை எண்ணுகிறது, கிலோவை எண்ணுவதில்லை. 100 கிராம் வாங்கும் வீடும் கிலோ பாக்கெட் வாங்கும் வீடும் இதில் ஒன்றே. ஒரே மாதத்தில் இரண்டு பிராண்டு வாங்கிய வீட்டை எங்கே எழுதுவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். உதிரியாக எடை போட்டு வாங்கும் தூளுக்கு நான்காவதாக ஒரு வரியே தேவைப்படும். டீக்கடைக்காரர்களை இதில் சேர்க்கவே கூடாது, அவர்களுக்குத் தனி அட்டவணை.

ஆகவே யாராவது உங்களிடம் மூன்று வரி அட்டவணையைக் காட்டி, "நீண்டகாலத்தில் நமக்குச் சந்தையில் பாதி" என்றால், அதே வீடுகளின் மூன்றாவது மாதப் பதிவைக் கேளுங்கள். 332 என்று கணக்கு சொல்லும் இடத்தில் பதிவும் அதற்கு அருகில் இருந்தால் மேலே பேசலாம். 350-ஐத் தாண்டினால் அந்தப் பாதி என்ற எண்ணை அடித்துவிட்டு, எந்த ஓட்டையை அடைப்பது என்ற பேச்சை மட்டும் தொடருங்கள், அதையும் மாறும் வீடுகளை மட்டும் வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்ட பிறகு.